சன்னல் வரிசையை வைத்து விமானத்தின் நீளம் காணும்போது விடை தவறினால்

பினாங்கில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு வார இறுதியில் கணிதப் பயிற்சி நடத்துகிறேன். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் எடுத்த படத்தை வைத்து விமானத்தின் நீளத்தைக் கண்டுபிடிப்பது அதில் ஒரு பயிற்சி. ஆண்டுதோறும் ஒரே விதமான தவறான விடைகள்தாம் வருகின்றன என்பதால், எந்த விடை வந்தால் எதைச் சோதிக்க வேண்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

முறை எளியது. விமான உடலைத் தாங்கும் வளையச் சட்டங்கள் சீரான தூரத்தில் அமைக்கப்படுகின்றன. அவற்றுக்கு நடுவே சன்னல்கள் பொருத்தப்படுவதால் சன்னல்களும் அதே சீரில் வருகின்றன. ஒரு சன்னலின் மையத்திலிருந்து அடுத்த சன்னலின் மையம் வரை உள்ள தூரம் ஏர்பஸ் ஏ320 குடும்பத்திலும் ஏ330 விமானத்திலும் 21 அங்குலம், அதாவது 0.5334 மீட்டர். போயிங் 737 விமானத்தில் அது 20 அங்குலம், 0.508 மீட்டர். கணினியில் படத்தைத் திறந்து, சன்னல் வரிசை கிடைமட்டமாகும் வரை படத்தைச் சுழற்றி, மூக்கு நுனி, வால் நுனி, சில சன்னல்களின் மையங்கள் ஆகியவை எந்தப் பிக்சலில் இருக்கின்றன என்று குறித்துக்கொண்டால் போதும்.

```
மையத் தூரம் (பிக்சல்) = சன்னல் வரிசையின் பிக்சல் ÷ இடைவெளிகளின் எண்ணிக்கை
நீளம் (மீ) = மூக்கு முதல் வால் வரை பிக்சல் ÷ மையத் தூரம் × 0.5334
```

விடை எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏ319 33.84 மீட்டர், ஏ320 37.57 மீட்டர், ஏ321 44.51 மீட்டர். போயிங் 737-800 39.47 மீட்டர். ஏ320 விமானத்திலிருந்து 7 சட்ட இடைவெளிகளை நீக்கினால் ஏ319, 13 இடைவெளிகளைச் சேர்த்தால் ஏ321. ஏழை 0.5334 ஆல் பெருக்கினால் 3.73 மீட்டர் வரும், 37.57, 33.84 ஆகியவற்றின் வேறுபாடும் அதுவே. இந்தப் பொருத்தம் போயிங் 737 வகைகளுக்கு இடையே இவ்வளவு அழகாக வராது என்பதால் தொடங்குபவர்கள் ஏர்பஸ் படத்திலேயே தொடங்குவது நல்லது.

## ஒவ்வொரு முறை அளக்கும்போதும் வேறு விடை வருகிறது

முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை சன்னல்களை அளந்தீர்கள் என்பது. அருகருகே உள்ள இரண்டு சன்னல்களை மட்டும் அளந்தால் கிடைக்கும் தூரம் நல்ல படத்தில்கூட 45 பிக்சல் அளவே இருக்கும். சுட்டியை ஒரு பிக்சல் தள்ளி வைத்தால் 45 என்பது 46 ஆகிறது. அந்தச் சிறு தவறு ஏ320 விமானத்தின் நீளத்தில் எழுபது தடவை அடுக்கப்பட்டு ஏறத்தாழ 80 சென்டிமீட்டராக வெளிவருகிறது. இடையில் கதவோ வெற்றிடமோ இல்லாத ஒரு நீண்ட வரிசையைத் தேர்ந்தெடுத்து, முதல் சன்னலின் மையத்திலிருந்து கடைசிச் சன்னலின் மையம் வரை ஒரே அளவாக அளந்து வகுத்தால், இரண்டு முனையிலும் ஒவ்வொரு பிக்சல் தவறினாலும் மொத்தப் பிழை 10 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

அப்படியும் விடை ஆடினால், படம் வந்த வழியைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கியிருந்தால் சன்னல்களின் மையத் தூரம் 18 பிக்சலுக்கு வந்துவிடும். சன்னல் என்பது ஒரு மங்கலான கறையாகவே தெரியும். எடுத்தவரிடம் மூலப் படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்வதற்குக் காசு செலவில்லை.

மூலப் படமும் மங்கலாக, சன்னல் வரிசை நெளிந்து காணப்பட்டால் அது கானலின் வேலை. பாயான் லெப்பாஸில் பத்து மணிக்கு மேல் சூடேறிய ஓடுபாதையின் மீது எடுக்கும் படங்களில் இது சாதாரணம். எந்த மென்பொருளாலும் இதைச் சரிசெய்ய முடியாது; வேறொரு நாள் காலையில் வெயில் ஏறுமுன் சென்று எடுக்க வேண்டும்.

## விடை ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாக வருகிறது

கை விரல்கள் ஐந்து, விரல் இடுக்குகள் நான்கு. இருபது சன்னல்களை எண்ணிவிட்டு இருபதால் வகுத்திருந்தால் மையத் தூரம் சிறுத்து, நீளம் ஐந்து விழுக்காடு வரை கூடிவிடும். வகுக்க வேண்டிய எண் 19. என்னிடம் வரும் தவறான விடைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தால் வருபவை, பெரியவர்கள் அனுப்புபவை உட்பட.

எண்ணிக்கை சரியாக இருந்தால், விமான வகையைச் சரிபாருங்கள். போயிங் 737 படத்துக்கு ஏர்பஸ் அளவான 0.5334 ஐப் பயன்படுத்தினாலும் அதே ஐந்து விழுக்காடு கூடும். அடையாளம் காண்பது கடினமில்லை. போயிங் 737 விமானத்தின் மூக்கு கூர்மையாகவும், இயந்திரக் கூட்டின் அடிப்பகுதி தட்டையாகவும், வால் சிறகு உடலோடு சேரும் இடத்தில் முன்பக்கமாக ஒரு சரிந்த முக்கோணம் நீண்டும் இருக்கும். ஏ320 விமானத்தின் மூக்கு உருண்டையானது. வால் சிறகு அந்த முக்கோணம் இல்லாமல் உடலிலிருந்து நேரே எழும்.

## விடை எப்போதும் சற்றுக் குறைவாகவே வருகிறது

இந்த அறிகுறியில்தான் நிறைய நேரம் வீணாகிறது. எல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கே இது வருகிறது. சென்ற ஆண்டு ஒரு மாணவி கொண்டுவந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். வேலிக்கு வெளியே நின்று, ஓடுபாதையை நோக்கி ஊர்ந்துசென்ற ஓர் ஏ320 விமானத்தை நேர் பக்கவாட்டில் படமெடுத்திருந்தாள். மூக்கு முதல் வால் வரை 3107 பிக்சல். இருபது சன்னல்களின் வரிசை 855 பிக்சல். முதலில் இருபதால் வகுத்ததால் மையத் தூரம் 42.75 ஆகி, நீளம் 38.77 மீட்டர் என்று வந்தது. பத்தொன்பதால் வகுக்கச் சொன்னேன். மையத் தூரம் 45 பிக்சலாகி, நீளம் 36.83 மீட்டர் என்று வந்தது. “ஐயா, முன்பு கூடுதலாக வந்தது, இப்போது குறைவாக வருகிறது, இரண்டுக்கும் நடுவில் போட்டுவிடட்டுமா?” என்று கேட்டாள்.

நடுவில் போடக் கூடாது. முதல் விடையின் தவறு தீர்ந்துவிட்டது. அதன் பின்னால் மறைந்திருந்த இரண்டாவது தவறு இப்போது தெரிகிறது. மூக்கு நுனியும் வால் நுனியும் விமானத்தின் நடுக்கோட்டில் இருக்கின்றன. சன்னல்களோ நம் பக்கத்துச் சுவரில் இருக்கின்றன. ஏ320 விமானத்தின் உடல் அகலம் 3.95 மீட்டர் என்பதால், சன்னல் வரிசை நடுக்கோட்டைவிட ஏறத்தாழ 2 மீட்டர் நமக்கு அருகில் இருக்கிறது. அருகில் உள்ளது பெரிதாகத் தெரியும். ஆகவே நாம் பயன்படுத்தும் அளவுகோல் அளக்கும் பொருளைவிடச் சற்றுப் பெருத்துவிடுகிறது. பெருத்த அளவுகோலால் அளந்தால் நீளம் குறைந்துதான் வரும்.

திருத்துவதற்கு, நீங்கள் நின்ற இடத்திலிருந்து விமானத்தின் நடுக்கோடு வரை உள்ள தூரம் தேவை. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஊரும் பாதையின் நடுவே வரைந்திருக்கும் மஞ்சள் கோட்டின் மீதுதான் விமானத்தின் முன்சக்கரம் செல்கிறது; ஆகவே அந்தக் கோடுதான் விமானத்தின் நடுக்கோடு. செயற்கைக்கோள் வரைபடத்தில் நின்ற இடத்திலிருந்து மஞ்சள் கோடு வரை அளந்தால் போதும். அந்த மாணவி நின்ற இடத்துக்கு 100 மீட்டர் வந்தது. சன்னல் வரிசைக்கு 98 மீட்டர். விடையை 100 ஆல் பெருக்கி 98 ஆல் வகுத்தால் 36.83 என்பது 37.58 ஆகிறது. உண்மை நீளத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஒரு சென்டிமீட்டர். இவ்வளவு நெருக்கம் தற்செயல்தான். 20 சென்டிமீட்டருக்குள் வந்தாலே நான் சரி போடுவேன்.

தூரத்தை அளக்க முடியாவிட்டால் தள்ளி நின்று எடுத்த படத்தைத் தேடுங்கள். 300 மீட்டருக்கு அப்பாலிருந்து தொலைநோக்கு லென்சில் எடுத்த படத்தில் இந்தப் பிழை கால் மீட்டராகக் குறைந்துவிடும். லென்சை விலைக்கு வாங்க வேண்டாம், இரவல் வாங்குங்கள்.

போயிங் 737-800 படத்தில் குறைவு ஒன்றரை மீட்டர் அளவில் இருந்தால் காரணம் வேறு. அந்த விமானத்தில் உடலின் பின்முனை கடைசிப் புள்ளி அன்று. கிடைவாட்டு வால் இறக்கைகளின் நுனிகள் அதைத் தாண்டிப் பின்னே நீள்கின்றன. உடல் மட்டும் 38.02 மீட்டர், மொத்த நீளம் 39.47 மீட்டர். உடலின் முனை வரை அளந்தால் 1.45 மீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. உடலை மட்டும் அளந்து, அதோடு தவறுதலாக ஏர்பஸ் அளவையும் பயன்படுத்தினால் 39.9 மீட்டர் என்று வரும். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று விழுங்கி, விடை ஏறத்தாழச் சரியாகத் தோன்றும். விடை பொருந்திவிட்டது என்பதற்காகப் பயன்படுத்திய அளவைச் சரிபார்க்காமல் விடக் கூடாது.

## முன்பாதியில் அளந்தால் ஒரு விடை, பின்பாதியில் அளந்தால் வேறு விடை

விமானம் நேர் பக்கவாட்டில் இல்லாமல் சாய்வாக நிற்கிறது என்பதே இதன் பொருள். சாய்வு மட்டும் இருந்தால் கவலையில்லை. நீளமும் சன்னல் தூரமும் ஒரே விகிதத்தில் குறுகும், வகுக்கும்போது அது அடிபட்டுப் போகும். சாய்வோடு அருகாமையும் சேரும்போதுதான் சிக்கல் வருகிறது. நமக்கு அருகில் உள்ள முனையில் சன்னல்கள் அகன்றும், தொலைவில் உள்ள முனையில் நெருங்கியும் தெரியும்.

சிப்பாங்கில் ஒரு நண்பர் எடுத்த ஏ330 படம் இதற்கு நல்ல சான்று. மூக்கு சற்று நம்மை நோக்கித் திரும்பியிருந்தது. மூக்கு முதல் வால் வரை 3423 பிக்சல். முன்பகுதிச் சன்னல்களின் மையத் தூரம் 31.0 பிக்சல், பின்பகுதியில் 27.4 பிக்சல். நண்பர் முன்பகுதியை மட்டும் அளந்து, 58.9 மீட்டர் என்று கண்டு, இது ஏ330-200 என்று முடிவுகட்டிவிட்டார். அந்த வகையின் நீளம் 58.82 மீட்டர் என்பதால் அவருக்கு ஐயமே எழவில்லை. பின்பகுதியை வைத்துக் கணக்கிட்டால் 66.6 மீட்டர் வருகிறது. அந்த நீளத்தில் ஏ330 எதுவும் கிடையாது.

இங்கே எடுக்க வேண்டியது இரண்டையும் பெருக்கி, அதன் வர்க்கமூலம். 31.0 ஐ 27.4 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 29.14 பிக்சல். அதைக் கொண்டு கணக்கிட்டால் 62.7 மீட்டர் வருகிறது. உடல் அகலத்துக்கான திருத்தம் ஏ330 விமானத்தில் இன்னும் பெரிது, ஏனெனில் அதன் உடல் 5.64 மீட்டர் அகலம். நண்பர் நின்றது 180 மீட்டர் தூரத்தில். திருத்தத்தைச் சேர்த்தால் விடை 63 மீட்டரைத் தாண்டி, ஏ330-300 விமானத்தின் 63.66 மீட்டருக்கு அருகே வந்து நிற்கிறது.

முன், பின் அளவுகளின் வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்குள் இருந்தால் இந்த வேலை தேவையில்லை. இருபது விழுக்காட்டைத் தாண்டினால் படத்தையே விட்டுவிடுங்கள். அந்த அளவுச் சாய்வில் மூக்கின் வளைவு உண்மையான நுனியை மறைத்துவிடும், வால் முனையும் சரியாகத் தெரியாது.

## விடை நம்ப முடியாத அளவுக்குத் தவறாக வருகிறது

ஏ320 விமானத்துக்கு 60 மீட்டருக்கு மேல் வந்தால், மையத்திலிருந்து மையம் வரை அளக்காமல் ஒரு கண்ணாடியின் வலது ஓரத்திலிருந்து அடுத்த கண்ணாடியின் இடது ஓரம் வரை அளந்திருக்கிறீர்கள். விடை பாதியாகச் சுருங்கினால் ஒரு சன்னல் விட்டு ஒரு சன்னலை எண்ணியிருப்பீர்கள். கீழே இறக்கப்பட்ட வெள்ளைத் திரைகள் வெள்ளை உடலோடு கலந்துவிடுவதால் இது நேரும்.

விடை ஒரு சில விழுக்காடு மட்டும் பிசகினால், தேர்ந்தெடுத்த வரிசையில் ஓரிடத்தில் சன்னல் இல்லாமல் இருக்கலாம். போயிங் 737 விமானத்தில் இறக்கைக்குச் சற்று முன்னால், குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள் ஏறிச்செல்லும் இடத்தில் சன்னல் வைக்கப்படுவதில்லை. அந்த இடத்தைத் தாண்டி எண்ணினால் வெற்றிடத்தையும் ஒரு சன்னலாக எண்ணிக்கொள்ள வேண்டும். கதவைத் தாண்டி மட்டும் எண்ணவே வேண்டாம். கதவைச் சுற்றிச் சட்டங்களின் ஒழுங்கு மாறுகிறது.

கைப்பேசியின் அகலக்கோண லென்சில் எடுத்த படத்தில் ஓரங்கள் இழுபட்டிருக்கும். விமானம் சட்டகத்தின் ஓரம் வரை நிரம்பியிருந்தால் அந்தப் படம் உதவாது. சாதாரண லென்சில், விமானத்துக்கு இருபுறமும் இடம்விட்டு மறுபடியும் எடுங்கள்.

## எந்த இடத்தில் நிறுத்தி, யாரைக் கேட்பது

மேற்சொன்ன திருத்தங்களுக்குப் பிறகும் விடை இரண்டு வகைகளுக்கு நடுவில் நின்றால், மேலும் அளப்பதில் பயனில்லை. உடலின் பின்பகுதியில் எழுதியிருக்கும் பதிவெண்ணைப் படியுங்கள். மலேசியாவில் பதிவான விமானமானால் அது `9M-` என்று தொடங்கும். அந்த எண்ணை இணையத்தில் தேடினால் விமான வகை உடனே கிடைத்துவிடும். நீளமே ஒன்றாக உள்ள வகைகளைப் பிரிக்கவும் இதுதான் வழி. பழைய ஏ320, புதிய இயந்திரம் பூட்டிய ஏ320 இரண்டுமே 37.57 மீட்டர், எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் நீளம் அவற்றைப் பிரித்துக் காட்டாது.

சரக்கு விமானத்துக்குச் சன்னல் வரிசையே இருக்காது என்பதால் இந்த முறை அங்கே செல்லாது. அறிமுகமில்லாத வகையாக இருந்து மையத் தூரமே தெரியாவிட்டால், ஊகித்து எழுதாமல், விமானப் பராமரிப்பு உரிமம் பெற்ற பொறியாளர் யாராவது தெரிந்தவராக இருந்தால் அவரைக் கேளுங்கள். சட்ட இடைவெளி அவர்களுக்கு அன்றாடம் புழங்கும் எண். விமான நிலையத் திட்டமிடலுக்காக உற்பத்தியாளர்கள் வெளியிடும் கையேடுகளில் வெளி அளவுகள் அனைத்தும் வரைபடத்தோடு இருக்கின்றன.

காப்பீடு, வழக்கு, விபத்து விசாரணை போன்ற எதற்காவது படத்திலிருந்து நீளம் தேவைப்பட்டால், இந்தக் கணக்கை எடுத்துச் செல்ல வேண்டாம். அது பல கோணப் படங்களை வைத்து அளக்கும் நில அளவையாளரின் வேலை. மூலப் படத்தைத் திருத்தாமல், சுழற்றாமல், வெட்டாமல் அப்படியே அவரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் நின்ற இடத்தையும் வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள்.